வள்ளுவர் பெயரில் போப் எழுதியதை மேற்கோள் காட்டாதீர்கள்

ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நூலை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு, படித்தது ஒன்றாகவும் சான்று காட்டுவது வேறாகவும் இருப்பதுதான். படித்தது மொழிபெயர்ப்பு, அடிக்குறிப்பில் இருப்பதோ மூலநூல். இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு குறளை எடுத்துக்கொள்கிறேன்.

வள்ளுவர் பெண்ணை எப்படிப் பார்த்தார் என்று ஒரு மாணவி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 55ஆம் குறள் வராமல் அந்தக் கட்டுரை முடியாது: ‘தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் மழை.’ இணையத்தில் தேடினால் குறளுக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரிச் செய்யுள் ஒன்றும் உரைநடை விளக்கம் ஒன்றும் கிடைக்கும். யார் எழுதியது என்று பல தளங்களில் இருக்காது. பெரும்பாலும் அந்தச் செய்யுள் ஜி. யு. போப் 1886இல் வெளியிட்டது. உரைநடை ட்ரூ, லாசரஸ் இருவர் பெயரிலும் சேர்த்து வழங்கும் மொழிபெயர்ப்பு. அதில் முதல் 63 அதிகாரங்களைச் செய்தவர் ட்ரூ, மீதி லாசரஸ் செய்தது. அப்படியானால் 55ஆம் குறளின் உரைநடை ட்ரூவுடையது. மாணவி செய்யுளை எடுத்துப் போட்டு, கீழே திருவள்ளுவர், திருக்குறள், குறள் 55 என்று மட்டும் எழுதிவிடுகிறார்.

இப்போது போப்பின் செய்யுளைப் பாருங்கள். அந்தப் பெண் கணவன் முன் தாழக் குனிகிறாள், பிறகு எழுந்து அவனுக்குப் பணிவிடை செய்கிறாள், அவள் சொன்னதும் மழை உடனே பெய்கிறது. குறளில் குனிவதும் இல்லை, பணிவிடையும் இல்லை. ‘தொழுதெழுவாள்’ என்பதற்குப் பரிமேலழகர் தொழுதுகொண்டே துயில் எழுபவள் என்று பொருள் சொல்கிறார். போப்போ அதைக் குனிந்து நிமிர்வதாக ஆக்கிவிட்டார். யாப்புக்கு இடம் நிரப்ப வேண்டிய மொழிபெயர்ப்பாளர் அப்படிச் செய்வது இயல்பு, அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘வள்ளுவர் பெண்ணைக் குனிந்து பணிவிடை செய்பவளாகக் காட்டுகிறார்’ என்று மாணவி ஒரு பத்தி எழுதினால், அது வள்ளுவரைப் பற்றிய பத்தி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய மதபோதகர் ஒருவர் குறளை எப்படி ஆங்கிலமாக்கினார் என்பதைப் பற்றிய பத்தி. மொழிபெயர்ப்பாளர் பெயர் இருந்திருந்தால் ஆசிரியர் அதைக் கண்டுபிடித்திருப்பார். பெயர் இல்லாததால் பழி வள்ளுவர் மேல் விழுகிறது.

ஆகவே முதல் வேலை, இணையத்தில் கிடைத்த வரி யாருடையது என்று தேடி உறுதி செய்வது. ஒரு முழு வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினாலே பல நேரம் பெயர் வந்துவிடும். அச்சு நூலின் வருடிய படி கிடைத்தால் அதில் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள், தளங்களில் எழுத்துப் பிழைகள் உண்டு. குறளுக்குப் பக்க எண்ணைவிடக் குறள் எண்ணே மேல். பதிப்பு மாறினாலும் அது பெரும்பாலும் மாறாது. ஆய்வுக் கட்டுரைகளில் சான்று காட்டும் முறைகளுள் ஒன்றான எம்.எல்.ஏ. நடையில் உரைக்குள் இவ்வளவு போதும், நூல் விவரம் கடைசிப் பட்டியலில் வரும்:

```
(Tirukkural 55; trans. Pope)
(Tirukkural 55; my trans.)
```

இரண்டாவது வரி, நீங்களே மொழிபெயர்த்தால். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எம்.எல்.ஏ. நடையில் உங்கள் சொந்த மொழிபெயர்ப்பை மேற்கோள் குறிக்குள் போடலாம், உங்களுடையது என்று சொன்னால் சரி. அதேபோல் இன்னொரு முறையான ஏ.பி.ஏ. நடை அப்படி இல்லை. நீங்கள் மொழிபெயர்த்த வரியை அது நேர் மேற்கோளாக ஏற்பதில்லை, கருத்தை உங்கள் சொல்லில் எடுத்து எழுதியதாகவே கொள்கிறது. அதனால் மேற்கோள் குறி கூடாது. அச்சில் வந்த மொழிபெயர்ப்பை எடுத்தாள்வது வேறு, அதற்குக் குறி உண்டு. எந்த நடை கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் குறி போட்டால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், போப்பின் வரியில் நாலு சொல்லை மாற்றிவிட்டு ‘என் மொழிபெயர்ப்பு’ என்று போடுவது. இது சின்னத் தவறில்லை, களவு. மாற்ற வேண்டிய காரணம் இருந்தால், போப்பின் மொழிபெயர்ப்பைத் திருத்தி எடுத்தாண்டதாக ஒரு வரி எழுதுங்கள். எந்தச் சொல்லை ஏன் மாற்றினீர்கள் என்பதையும் சொல்லிவிட்டால் கட்டுரைக்கு அது பலம்தான்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சரியாகப் போட்டாலும், ஓர் உரையை மட்டும் வைத்துக்கொண்டு ‘வள்ளுவர் சொல்கிறார்’ என்று எழுதிவிட முடியாது. அதே 55ஆம் குறளுக்குப் பரிமேலழகர் சொல்வது, அவள் பெய் என்றால் மழை பெய்யும் என்பது. அங்கே அவளுக்கு ஒரு வல்லமை இருக்கிறது. கலைஞர் மு. கருணாநிதியின் உரையில் மழை உவமையாகிறது: கணவனையே தொழும் மனைவி, ஆணையிட்டதும் அஞ்சி நடுங்கிப் பெய்யும் மழையைப் போலத் தன்னை அடிமையாக எண்ணிக்கொள்பவள். ஒருவர் உரையில் அவள் ஏவுகிறாள், இன்னொருவர் உரையில் ஏவப்படுகிறாள். நீங்கள் எந்த உரையைப் படித்துவிட்டு ஆங்கிலமாக்கினீர்களோ, உங்கள் ஆங்கில வரியும் அந்தப் பக்கம்தான் சாயும். அதனால் சொந்த மொழிபெயர்ப்பு என்று போட்டாலும், எந்த உரையைப் பின்பற்றினீர்கள் என்று சொல்ல வேண்டும். வாதமே அந்தக் குறளில் நிற்கிறது என்றால் இரண்டு உரைகளையும் காட்டி, ஏன் ஒன்றைத் தேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். தமிழ் தெரிந்த ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும். அந்த வாய்ப்பை விட்டுவிட்டுப் போப்பை மட்டும் நம்புவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

எதிர்த் திசையிலும், அதாவது தமிழ்க் கட்டுரையில் ஆங்கில நூலைப் பயன்படுத்தும்போதும், தவறுகள் உண்டு. ஆங்கிலத்தில் ஒருவர் மூன்று வரியில் சொன்னதை நாம் ஒரே வரியில் சுருக்கி, மேற்கோள் குறி போட்டு, ‘என்கிறார்’ என்று முடித்துவிடுகிறோம். குறிக்குள் இருப்பது முழுமையான மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். சுருக்கினால் குறியை எடுத்துவிட்டு, ‘என்ற கருத்தை முன்வைக்கிறார்’ என்று எழுதுவதே சரி.

இன்னொன்று, மொழிபெயர்ப்பை மறுபடி மொழிபெயர்ப்பது. காந்தி தம் வரலாற்றை எழுதியது குஜராத்தியில். அதை ஆங்கிலமாக்கியவர் மகாதேவ் தேசாய். அதன் தமிழ்ப் பதிப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து, நீங்களே ஆங்கிலமாக்கி, காந்தியின் நேர்ச் சொல்லாகப் போட்டால், அச்சில் இருக்கும் ஆங்கில வரியோடு அது பொருந்தாது. திருத்துபவர் தேடிப் பார்த்தால், இல்லாத மேற்கோளை நீங்கள் புனைந்ததாகவே தோன்றும். ஆங்கிலப் பதிப்பை எடுத்து, தேசாயின் பெயரோடு, அதில் உள்ளபடியே போடுங்கள். ஆங்கிலத்திலேயே முதலில் எழுதப்பட்ட நூலின் தமிழாக்கத்தைப் படித்திருந்தாலும் இதுதான் வழி, மூலத்துக்குப் போய் அந்த வரியைத் தேடி எடுக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் தமிழாக்கத்தின் வழியாகப் படித்ததாகச் சொல்லி, மேற்கோள் குறி இல்லாமல் கருத்தை மட்டும் தாருங்கள்.

ஆண்டு விஷயத்திலும் ஒரு வார்த்தை. போப், 1886 என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பின் ஆண்டு. வள்ளுவர், 1886 என்று எழுதினால் அது பிழை. நீங்கள் கையில் வைத்திருப்பது பிற்கால மறுபதிப்பு என்றால் அந்தப் பதிப்பின் ஆண்டையும் பட்டியலில் சேருங்கள், ஏனென்றால் பக்க எண்கள் அதற்குத்தான் பொருந்தும்.