பெயரை எடுத்தால் மட்டும் ஆள் மறைவதில்லை: புகார்க் குழுவின் ஆண்டறிக்கையில் நேரும் தவறுகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையின் உள்ளகப் புகார்க் குழுவில் நான் வெளி உறுப்பினர். ஊழியர்கள் சுமார் 140 பேர். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, குழு ஒவ்வொரு ஆண்டும் நிர்வாகத்துக்கும் மாவட்ட அலுவலருக்கும் ஓர் அறிக்கை தர வேண்டும். நான் சேர்ந்த முதல் வருடம் அந்த அறிக்கையை நாங்கள் எழுதிய விதம் தவறு. அதனால் ஒரு பெண் பட்ட சங்கடம் இன்றும் என் மனதில் இருக்கிறது.

அந்த அறிக்கையில் எந்தப் பெயரும் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுத்தது இந்த ஒரு வரிதான்: "ஆகஸ்டு மாதம் ஆய்வகத்தில் பணிபுரியும், சேரன்மகாதேவியிலிருந்து வந்துபோகும் ஊழியர் கொடுத்த புகாரில், மூத்த ஊழியர் ஒருவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்." ஆய்வகத்தில் பெண்கள் மூன்று பேர். சேரன்மகாதேவி பஸ்ஸில் வருபவர் ஒருவர். அந்த வருடம் ஆய்வகத்திலிருந்து மாற்றலான ஆணும் ஒருவர்தான். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் டீ வருவதற்குள் ஒரு உறுப்பினர், "நம்ம இன்னார் மகள்தானே?" என்று கேட்டுவிட்டார். திருநெல்வேலிச் சீமையில் ஒருவரைக் கண்டுபிடிக்கப் பெயர் தேவையில்லை. ஊரும் வேலை செய்யும் இடமும் தெரிந்தால் போதும், மீதியைச் சொந்தபந்தம் சொல்லிவிடும்.

சட்டத்தின் 16-ஆம் பிரிவு பெயரை மட்டும் காக்கவில்லை. புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளம், முகவரி, புகாரின் உள்ளடக்கம், விசாரணை விவரம், பரிந்துரை, நடவடிக்கை எதையும் வெளியே விடக் கூடாது என்கிறது. நியாயம் கிடைத்தது என்பதைச் சொல்லலாம். ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க உதவும் விவரம் அதில் வரக் கூடாது. மீறியவருக்குப் பணி விதிகளின்படி தண்டனை உண்டு. அப்படி விதிகள் இல்லாத இடத்தில் 5,000 ரூபாய் வசூலிக்கப்படும். புகாருக்கு உள்ளானவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 14-ஆவது விதி கேட்பது ஐந்தே விஷயம்: வந்த புகார்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை, 90 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ளவை எத்தனை, விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் எத்தனை, எடுத்த நடவடிக்கையின் தன்மை என்ன. இதில் மாதம் இல்லை, துறை இல்லை, சம்பவக் கதையும் இல்லை. அதையெல்லாம் நாங்களாகச் சேர்த்தோம். விவரமாக எழுதினால்தான் உழைத்தது தெரியும் என்ற எண்ணம்.

அடுத்த வருடம் துறையையும் மாதத்தையும் எடுத்துவிட்டோம். அப்படியும் தவறு நடந்தது, ஆனால் வேறு இடத்தில். முந்தைய வருட நிலுவை 1, புதிதாக வந்தவை 5, ஆக மொத்தம் 6. அதில் முடிந்தவை 4, நிலுவை 2, அந்த இரண்டில் 90 நாள் தாண்டியது 1. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் முதல் வரைவில் முடிவுகளை "பழைய புகார்", "புதிய புகார்" என்று இரண்டு வரிசையாகப் பிரித்திருந்தோம். பழைய புகார் ஒன்றே ஒன்று. அதற்கு எதிரே "நிரூபிக்கப்படவில்லை" என்று இருந்தது. முந்தைய வருட அறிக்கை அந்தப் புகார் எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று சொல்லியிருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால், நிலுவையில் இருந்த அந்தப் புகாரைக் கொடுத்தவருக்கு என்ன முடிவு வந்தது என்று யாரும் படித்துவிடலாம். அதனால் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, சமரசம் 1, நிரூபிக்கப்பட்டவை 2, நிரூபிக்கப்படாதது 1 என்று மட்டும் எழுதினோம்.

இன்னொரு ஓட்டை விழிப்புணர்வு நிகழ்ச்சிப் பட்டியலில் இருந்தது. "செப்டம்பர்: ஒரு வார்டு ஊழியர்களுக்கு மட்டும் சிறப்புக் கூட்டம்." புகார்ப் பகுதியில் எவ்வளவு மறைத்தாலும் இந்த ஒரு வரி எல்லாவற்றையும் சொல்லிவிடும். நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைத்தான் விதி கேட்கிறது. "ஆண்டில் 4 நிகழ்ச்சிகள்" என்று முடித்துக்கொள்ளலாம்.

நடவடிக்கையின் தன்மையை எழுதுவதுதான் கடினம். விதி கேட்பதால் விடவும் முடியாது. ஆனால் இடமாற்றம், பணிநீக்கம் போன்றவை மருத்துவமனை முழுக்கக் கண்ணுக்குத் தெரிபவை. எழுதிய உடனே ஆள் தெரிந்துவிடும். நிரூபிக்கப்பட்டவை இரண்டே என்பதால், "2 புகார்களில் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது, இரண்டிலும் 60 நாளுக்குள் முடிந்தது" என்று எழுதினோம். எந்தப் புகாருக்கு எந்தத் தண்டனை என்பது, குழுவின் பரிந்துரையைப் பெற்று நடவடிக்கை எடுத்த செயலாளருக்குத் தெரியும். கூட்டத்தில் உட்காரும் மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பயந்துபோய், "புகார்கள் உரிய முறையில் தீர்க்கப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. நிர்வாகக் குழு கேள்வி கேட்க வேண்டிய இடமே அதில் இல்லாமல் போகும். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். முடிந்து 10 நாளில் அறிக்கை போக வேண்டும். அது கைக்கு வந்த 60 நாளில் நிர்வாகம் செயல்பட வேண்டும். இதில் எந்தப் படியில் தாமதம் என்று சொல்வதால் யாருடைய அடையாளமும் வெளிப்படாது. எங்கள் குழுவில் ஒரு உறுப்பினரின் இடம் நான்கு மாதம் காலியாக இருந்தது. ஒரு விசாரணை 90 நாளைத் தாண்ட அதுவே காரணம். அதை நேராக எழுதினோம். அடுத்த கூட்டத்திலேயே ஆளை நியமித்தார்கள்.

சம்பவங்களிலிருந்து கற்றதைச் சொல்லவும் வழி இருக்கிறது. இரவுப் பணி முடிந்து பின்வாசல் வழியாகப் போகும்போது ஒரு தொந்தரவு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை நடந்த கதையாக எழுதாமல், மொத்த வளாகத்துக்கான வேலையாக எழுதலாம்: எல்லா வாசல்களிலும் விளக்கு, இரவுப் பணியாளர் அனைவருக்கும் வண்டி வசதி. பின்வாசலை மட்டும் தனியாகச் சொன்னால் மறுபடியும் கதை வெளியே வந்துவிடும்.

"நிரூபிக்கப்படவில்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கமும் வேண்டும். அதைப் "பொய்ப் புகார்" என்று படிப்பவர்கள் நிறைய. ஆதாரம் காட்ட முடியாமல் போனதாலேயே புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது, கெட்ட எண்ணம் இருந்தது தனி விசாரணையில் தெரிய வேண்டும் என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒற்றை வாக்கியத்தை எங்கள் அறிக்கையில் அடிக்குறிப்பாக வைத்திருக்கிறோம்.

இப்போது அறிக்கையை அனுப்புவதற்கு முன் குழுத் தலைவரும் நானும் மூன்று தாள்களை மேஜையில் பரப்புகிறோம்: இந்த வருட அறிக்கை, போன வருட அறிக்கை, அந்த வருடம் மாறியவர்கள், விலகியவர்கள் பட்டியல். ஒவ்வொரு வரியிலும், "இதை வைத்து யாரைச் சொல்லலாம்?" என்று தலைவர் கேட்பார், நான் கண்டுபிடிக்க முயற்சி செய்வேன். ஒருவரையாவது என்னால் சொல்ல முடிந்தால் அந்த வரியை மாற்றி எழுதுகிறோம். போன முறை இரண்டு வரிகள் அப்படி மாறின. அப்புறம் அச்செடுத்து, கையெழுத்திட்டு, மூடிய உறையில் கொடுக்கிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.