விலைச்சீட்டுப் படத்தை அட்டவணையாக்கும்போது கோட்டைவிடும் இடங்கள்

கடை அலமாரியின் விளிம்பில் ஒட்டிய விலைச்சீட்டுகளைப் படமெடுத்து, பொருள், விலை, அலகு விலை என்று விரிதாளில் வரிசைப்படுத்துவது எளிய வேலைபோலத் தெரியும். எழுத்துணரிச் செயலிக்குப் படத்தைக் கொடுத்தால் எண்கள் வந்துவிடுகின்றன. ஆனால் அவை தவறாக வந்தாலும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். தொல்லை அங்கேதான்.

முதல் தவறு, முழு அலமாரியையும் ஒரே படத்தில் அடக்குவது. எழுத்துணரி பெரும்பாலும் இடமிருந்து வலமாக, ஒரு வரியில் இருப்பதையெல்லாம் சேர்த்தே படிக்கும். அடுத்தடுத்த மூன்று சீட்டுகளில் பெயர்கள் ஒரே உயரத்தில் இருந்தால் மூன்றும் ஒரே வரியாக வரும். விலைகள் மூன்றும் அடுத்த வரியில் வரும். நடுவில் ஒரு விலை மட்டும் பளபளப்பில் மறைந்துவிட்டால், அதற்கு வலப்புறம் உள்ள விலைகள் எல்லாம் ஒரு பொருள் இடப்பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சீட்டையும் தனியாக வெட்டியெடுத்த பிறகே படிக்கக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று சீட்டுகளுக்கு ஒரு படம், நேர் எதிரே நின்று எடுத்தது, போதும். அலகு விலைதான் சீட்டிலேயே மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தின் உயரம் படத்தில் 20 பிக்சலுக்குக் கீழே இறங்கினால் எண்களை நம்ப முடியாது. செய்திச் செயலி வழியாக அனுப்பினால் படம் பெரும்பாலும் சுருங்கிவிடும் என்பதால் மூலக் கோப்பையே பயன்படுத்துங்கள்.

பொருளின் பெயரையும் சீட்டிலிருந்தே எடுங்கள். மேலே இருக்கும் பொட்டலத்தைப் பார்த்து எழுதினால், யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு இடம் மாற்றி வைத்த பொருள் உங்கள் அட்டவணைக்குள் புகுந்துவிடும்.

இரண்டாவது தவறுதான் பெரியது: சீட்டில் அச்சான அலகு விலையை ஒதுக்கிவிட்டு, விலையை அளவால் வகுத்துத் தாமே நிரப்பிக்கொள்வது. அப்படிச் செய்தால் விலை தவறாகப் படிக்கப்பட்டிருந்தாலும் அலகு விலை அதற்கு ஒத்துப்போகும். பிழையைக் காட்டிக்கொடுக்க எதுவும் மிஞ்சாது. அச்சான அலகு விலை, இலவசமாகக் கிடைக்கும் சாட்சி. அதை ஒரு பத்தியிலும், கணக்கிட்டதை வேறொரு பத்தியிலும் வையுங்கள்.

ஒரு சலவைத்தூள் சீட்டை எடுத்துக்கொள்வோம். விலை 12.49, இதில் 12 பெரிதாகவும், 49 சிறிதாக மேலே தூக்கியும் அச்சாகியிருக்கிறது. அளவு 750 கிராம். அலகு விலை, 100 கிராமுக்கு 1.67. விரிதாளில் B பத்தி விலை, C கிராம் அளவு, D சீட்டில் உள்ள அலகு விலை என்றால், E பத்தியில் இதை இடலாம்:

```
=ROUND(B2/C2*100,2)
```

விடை 1.67. D பத்தியோடு பொருந்துகிறது. கடைசி இலக்கத்தில் ஒன்று கூடக் குறைய இருந்தால் அது முழுமையாக்கலால் வருவது, விட்டுவிடலாம். பொருந்தாவிட்டால், எத்தனை மடங்கு விலகுகிறது என்பதே பிழை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

தூக்கி அச்சிட்ட 49க்கு முன் பெரும்பாலும் புள்ளியே இருக்காது என்பதால் எழுத்துணரி 1249 என்று படித்துவிடும். அப்போது E பத்தியில் 166.53 வரும், ஏறத்தாழ 100 மடங்கு. 10 மடங்கு விலகினால், சீட்டு கிலோவுக்குச் சொன்னதை நீங்கள் 100 கிராமுக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். ஒரே கடையில்கூட ஒரு சீட்டு கிலோவிலும் அடுத்தது 100 கிராமிலும் சொல்லலாம். அதனால் ‘எதற்கு’ என்பதற்குத் தனிப் பத்தி வேண்டும், வெறும் 1.67 என்ற எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. சரியாக 4 மடங்கு விலகினால், நான்கு பொட்டலங்கள் சேர்ந்த கட்டில் ஒன்றின் எடையை மட்டும் எழுதியிருப்பீர்கள்.

1.25 போன்ற ஒழுங்கற்ற விகிதம் வந்தால் சலுகை விலையைச் சந்தேகியுங்கள். அதே தூளுக்கு 9.99 என்று சலுகைச் சீட்டு ஒட்டியிருந்து, அலகு விலை மட்டும் பழைய 1.67 ஆகவே நின்றால், கணக்கு 1.33 காட்டும். 1.67ஐ 1.33 ஆல் வகுத்தாலும், 12.49ஐ 9.99 ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 1.25 தான். இங்கே படித்ததில் பிழையில்லை. இரண்டு விலைகள் ஒரே வரியில் கலந்துவிட்டன, அவ்வளவே. வழக்கமான விலை, சலுகை விலை என்று இரண்டு பத்திகளாகப் பிரித்துவிடுங்கள். உறுப்பினர் அட்டைக்கு மட்டும் உரிய விலையும், இரண்டு வாங்கினால்தான் கிடைக்கும் விலையும் சலுகைப் பத்திக்கே போகட்டும், நிபந்தனையோடு.

மடங்கு எதிலும் அடங்காமல் விலகினால் 1க்கும் 7க்கும், 5க்கும் 6க்கும் இடையே குழப்பம் நேர்ந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மற்ற இரண்டிலிருந்து கணக்கிட்டு நிரப்பினால், அடுத்த முறை பார்க்கும்போது எது படித்தது, எது ஊகித்தது என்று உங்களுக்கே தெரியாது.