கடனா, புதுப் பங்கா? சமப்புள்ளியை எக்செலில் கண்டுபிடிப்பது எப்படி

பிறையில் மசாலாத் தூள் அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கிறார் என் மாமா. இரண்டாவது அரவை வரிசை போட 600,000 ரிங்கிட் வேண்டும். பேங்க் 7% வட்டிக்குக் கடன் தரத் தயார். மாமாவின் பழைய சிநேகிதர் ஒருவர், பங்குக்கு 3 ரிங்கிட் கொடுத்து உள்ளே வரத் தயார். "ரெண்டுல எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லும்மா" என்றார் மாமா. அப்படிச் சொல்ல முடியாது. லாபம் குறைவாக இருக்கும் வருடத்தில் பங்கு நல்லது, நிறைய இருக்கும் வருடத்தில் கடன் நல்லது. இரண்டும் சமமாகும் லாப அளவு ஒன்று நடுவில் இருக்கிறது. அதைத்தான் இங்கே கண்டுபிடிக்கப் போகிறோம். எண்களைக் கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

அளவுகோல், பங்கு ஒன்றுக்கான ஈட்டம். வரி போக மிஞ்சும் லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனங்களின் தணிக்கை அறிக்கையில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது, நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

படி 1: ஐந்து எண்களை எடுத்து வையுங்கள்

இப்போதுள்ள பங்குகள் 1,000,000. தேவைப்படும் பணம் 600,000. புதுப் பங்கின் விலை 3 ரிங்கிட். கடன் வட்டி 7%. ஏற்கெனவே இருக்கும் கடனுக்கு வருடத்துக்குக் கட்டும் வட்டி 30,000.

வட்டி விகிதத்தில் மட்டும் கவனம். மெஷினுக்கு "4% ஃபிளாட்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே போட்டுவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு 4% ஃபிளாட் என்பது, குறையும் பாக்கியின் மேல் கணக்கிட்டால் ஏறத்தாழ 7.4% ஆகிறது.

படி 2: சமப்புள்ளி

இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் கால்குலேட்டர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பழைய வட்டிக்கு அவற்றில் பெரும்பாலும் இடமே இருக்காது. எட்டு வரியில் நாமே போட்டுவிடலாம்:

```
B1  1000000
B2  600000
B3  3
B4  7%
B5  30000
B6  =B2/B3
B7  =B2*B4
B8  =B5+B7*(B1+B6)/B6
```

B6 புதுப் பங்குகள், 200,000. B7 புதுக்கடனின் வட்டி, 42,000. B8 தான் விடை: 282,000 ரிங்கிட். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் இதற்கு மேலே போனால் கடன் வழியில் பங்கு ஒன்றுக்கு அதிகம் கிடைக்கும், கீழே இறங்கினால் பங்கு வழியில்.

B8-இன் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. 3 ரிங்கிட் பங்கு ஒன்றை விற்காமல் அந்த 3 ரிங்கிட்டைக் கடனாக வாங்கினால் வருடத்துக்கு 21 சென் வட்டி. ஆக, பங்கு ஒன்று வருடத்துக்கு 21 சென்னுக்கு மேல் சம்பாதித்தால், அந்தப் பங்கை அடுத்தவருக்குக் கொடுப்பதைவிட வட்டி கட்டுவதே மலிவு. 1,200,000 பங்குகளுக்கும் 21 சென் வீதம் 252,000. அதோடு பழைய வட்டி 30,000-ஐக் கூட்டினால் 282,000. உங்கள் தாளில் வரும் விடையை இப்படி ஒருமுறை கையால் சரிபார்த்துவிடுங்கள்.

இந்தப் பழைய வட்டியில்தான் முதல்முறை போடுபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "பழைய கடன் ரெண்டு பக்கமும்தான் இருக்கு, அடிபட்டுப் போயிடாதா?" என்று மாமாவும் கேட்டார். அடிபடாது. இரண்டு பக்கமும் ஒரே 30,000-ஐத்தான் கழிக்கிறோம், ஆனால் ஒரு பக்கம் அதை 10 லட்சம் பங்குகளும் மறுபக்கம் 12 லட்சம் பங்குகளும் சுமக்கின்றன. அதை விட்டுவிட்டால் சமப்புள்ளி 252,000 என்று வரும். லாபம் 265,000 இருக்கும் வருடத்தில் கடனே மேல் என்று தாள் சொல்லும், உண்மையில் பங்குதான் மேல்.

படி 3: சமப்புள்ளியை விட்டு விலகிப் பாருங்கள்

ஒரே எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். விரிவாக்கத்துக்குப் பிறகு மோசமான வருடம், சாதாரண வருடம், நல்ல வருடம் என மூன்று லாப அளவுகளை மாமாவிடமே கேட்டு வாங்கினேன். வரிக்கு முன் பங்கு ஒன்றுக்குக் கிடைப்பது இவ்வளவு:

| லாபம் (ரிங்கிட்) | கடன் வழி | பங்கு வழி |
|---|---|---|
| 220,000 | 14.8 சென் | 15.8 சென் |
| 320,000 | 24.8 சென் | 24.2 சென் |
| 420,000 | 34.8 சென் | 32.5 சென் |

சாதாரண வருடத்தில் வித்தியாசம் அரை சென்னுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கடன் வழி 100,000 ரிங்கிட் லாப மாற்றத்துக்கு 10 சென் ஏறி இறங்குகிறது, பங்கு வழி 8.3 சென். சமப்புள்ளி எங்கே என்பதைப் போலவே, உங்கள் சாதாரண வருடம் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் முக்கியம். மாமாவுக்கு இடைவெளி 38,000 ரிங்கிட். மிளகாய் விலை ஏறும் ஒரு வருடத்தில் அது காணாமல் போய்விடும்.

படி 4: வரியைச் சேர்ப்பது

பாடப்புத்தகங்களில் வரி இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். ஒரே விகிதத்தில் வரி இருந்தால் அது சரி. மலேசியாவில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு முதல் 150,000 ரிங்கிட்டுக்கு 15%, அடுத்த 450,000-க்கு 17%, அதற்கு மேல் 24% (2023 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து). படிப்படியாக ஏறும் வரி முழுசாக அடிபடாது. மேலே போட்ட தாளின் கீழே இதைச் சேருங்கள்:

```
B10  282000
B11  =B10-B5-B7
B12  =B10-B5
B13  =MAX(0,B11)*15%+MAX(0,B11-150000)*2%+MAX(0,B11-600000)*7%
B14  =MAX(0,B12)*15%+MAX(0,B12-150000)*2%+MAX(0,B12-600000)*7%
B15  =(B11-B13)/B1
B16  =(B12-B14)/(B1+B6)
B17  =(B15-B16)*1000000
```

B10-இல் லாபம். B15 கடன் வழியின் ஈட்டம், B16 பங்கு வழியின் ஈட்டம். இப்போது 17.73 சென்னும் 17.68 சென்னும் காட்டும், கிட்டத்தட்ட சமம். சரியான புள்ளிக்கு எக்செலில் `Data > What-If Analysis > Goal Seek` போய், B17-ஐ 0 ஆக்க B10-ஐ மாற்றச் சொல்லுங்கள். விடை சுமார் 278,400.

B17-இல் எதற்கு அந்த 1,000,000? இலக்கிலிருந்து வித்தியாசம் 0.001-க்குள் வந்ததும் எக்செல் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று நின்றுவிடும், அதன் இயல்பு அமைப்பு அப்படி. நம் வித்தியாசம் ரிங்கிட்டில் 0.0005 தான். பெருக்காமல் விட்டால் எக்செல் ஓர் அடிகூட நகராது, 282,000-ஐயே விடையாகத் திருப்பித் தரும். பிழைச் செய்தியும் வராது. வேறொரு ஆரம்ப எண்ணைப் போட்டு மறுபடி ஓட்டினால் விடை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் இந்தப் பெருக்கல் விட்டுப்போயிருக்கிறது.

கூகுள் ஷீட்ஸில் இந்த வசதி உள்ளேயே இல்லை, தனியாக ஆட்-ஆன் போட வேண்டும். லிப்ரே ஆபிசில் `Tools` மெனுவிலேயே உண்டு, காசும் கிடையாது. எக்செல் வாங்கி வைத்திருக்காதவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

பின்சேர்க்கை: செலுத்திய மூலதனம்

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "பங்கு வெளியிட்டதும் எங்கள் வரி 24% ஆகிவிட்டது, இதை உங்கள் தாள் காட்டவில்லையே?" நல்ல கேள்வி. அந்தக் குறைந்த வரி விகிதங்கள் கிடைக்க, கணக்காண்டின் தொடக்கத்தில் சாதாரணப் பங்குகளுக்குச் செலுத்தப்பட்ட மூலதனம் 2.5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. ஆண்டு வருமானத்துக்கும் 50 மில்லியன் என்று வரம்பு உண்டு, வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன. 2016 நிறுவனச் சட்டம் பங்கின் முகமதிப்பை எடுத்துவிட்டதால், 3 ரிங்கிட்டுக்கு விற்ற பங்கின் 3 ரிங்கிட்டும் மூலதனக் கணக்கில்தான் போய் உட்காரும். முன்பு போல 1 ரிங்கிட்டை மூலதனமாகவும் மீதியைப் பிரீமியமாகவும் பிரிக்க முடியாது.

மாமாவின் மூலதனம் 2 மில்லியன். 600,000 சேர்ந்தால் 2.6 மில்லியன். அடுத்த கணக்காண்டிலிருந்து லாபம் முழுவதற்கும் 24%. தாளில் பங்கு வழியின் வரியை மட்டும் மாற்றிவிட்டு Goal Seek-ஐ மறுபடி ஓட்டுங்கள்:

```
B14  =MAX(0,B12)*24%
```

சமப்புள்ளி 278,400-இலிருந்து சுமார் 194,800-க்கு இறங்கிவிடுகிறது. மாமா சொன்ன மோசமான வருடம் 220,000. ஆக, அந்த வருடத்தில்கூடக் கடன்தான் மேல்! மூலதனம் 2.5 மில்லியனை நெருங்கி நிற்கும் நிறுவனங்கள் வேறெதையும் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

ஈட்டம் காட்டாத ஒன்று

அதற்காக உடனே பேங்குக்கு ஓட வேண்டாம். பங்கு ஈட்டத்தில் வட்டி இருக்கிறது, அசல் இல்லை. 600,000-ஐ ஏழு வருடத்தில் சம தவணையாக அடைத்தால் அசல் மட்டும் வருடத்துக்கு ஏறத்தாழ 85,700. லாபம் 220,000 இருக்கும் வருடத்தில் கடன் வழியில் வரி போக நிற்பது 125,800. அசலைக் கட்டினால் கையில் மிஞ்சுவது சுமார் 40,000, பழைய கடனின் அசல் அதற்குள்தான் அடங்க வேண்டும். தேய்மானம் ரொக்கமாக வெளியே போகாது என்பதால் அதைத் திருப்பிக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அதே பணத்தில்தான் மெஷின் பாகங்களையும் மாற்றியாக வேண்டும்.

அதனால் மாமாவுக்கு நான் போட்டுக் கொடுத்தது பாதிப் பாதி: 300,000 கடன், 300,000-க்குப் பங்கு. மூலதனம் 2.3 மில்லியன், வரம்புக்குள். அசல் தவணையும் பாதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதிப் பாதியை முழுக் கடனோடு ஒப்பிட்டு B8 போல வரிக்கு முந்தைய சமப்புள்ளி போட்டுப் பாருங்கள், அதே 282,000 தான் வரும். பங்கு 3 ரிங்கிட், வட்டி 7% என்று இருக்கும்வரை அந்த 21 சென் மாறாது, எந்த விகிதத்தில் கலந்தாலும் கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வெட்டும். கலவை மாற்றுவது கோட்டின் சரிவை மட்டுமே. புள்ளியையே நகர்த்த வேண்டுமென்றால் பேங்கிடம் வட்டியைப் பேச வேண்டும், இல்லை சிநேகிதரிடம் பங்கு விலையைப் பேச வேண்டும். மாமா இரண்டாவதில் இறங்கியிருக்கிறார், 3 வெள்ளி 20 காசு கேட்கிறார்.