வீட்டைக் காலி செய்யும் கடிதம்: கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்

வாடகை வீட்டைக் காலி செய்யப்போகிறேன் என்று கடிதம் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்று வீட்டுக்காரருக்கு. மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, பெயர், தேதியோடு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தேதி இல்லாவிட்டால், நோட்டீஸ் காலம் என்று தொடங்கியது என்பதில்தான் முன்பணத் தகராறே வரும்.

கையெழுத்துப் போட மறுக்கிறாரா? சரி, அன்றைக்கே பதிவு, ஒப்புகை வசதிகளோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். ரசீதைக் கடித நகலோடு பின் பண்ணி வையுங்கள். 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். அந்த மூடிய உறையே சாட்சி.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நினைவூட்டுங்கள். காலி செய்வதற்கு 15 நாள் முன்பு மறுபடியும் ஒன்று, முன்பணத்தைத் திருப்பித் தரும் தேதியைக் கேட்டு.