‘கை நீட்டினான்’: யாரிடம்? யார் மீது? பழமொழித் தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழமொழிப் பயிற்சித்தாள் படமாக வாட்ஸப்பில் வந்ததும் பிள்ளைகளின் கண் நேரே கோடிட்ட இடத்துக்குப் போய்விடுகிறது. மேலே உள்ள சூழல் வரியைப் படிப்பவர் குறைவு. மதுரை செல்லூரில் நான் நடத்தும் மாலை வகுப்பில் மதிப்பெண் பெரும்பாலும் போவது இதனால்தான்.

ஒரு படத்தில் தாளின் இடது ஓரம் மடிப்பு நிழலில் மறைந்திருந்தது. தெரிந்தது “...டி... அம்மியும் ______” மட்டுமே. பலர் ‘பறக்கும்’ என்று எழுதிவிட்டார்கள். ஆடி மாதம் கண்ணில் மண்ணை வாரிப் போடும் ஊரில் ஆடிக் காற்று முதலில் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் சூழல் வரி, கையெழுத்து கோணலாக இருந்த ஒரு சிறுமி நாள்தோறும் ஒரு பக்கம் எழுதிப் பழகிப் பரிசு பெற்றதைச் சொல்கிறது. அங்கே பொருந்துவது ‘அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’. வலியவரே ஆட்டம் காணும்போது எளியவர் எம்மாத்திரம் என்ற இடத்துக்குத்தான் ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ உரியது. படம் மங்கினால் ‘ஆ’வின் கீழ்ச்சுழி மறைந்து ‘அ’ போலவே தெரியும். பெரிதாக்கியும் புலப்படாவிட்டால் வேறு படம் கேட்டு வாங்குங்கள்.

மரபுத்தொடரில் வேறு வகைச் சிக்கல். ‘கை நீட்டுதல்’ என்றால் அடித்தல் என்று ஒரே பொருளை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். கேள்வியோ இப்படி இருக்கிறது: “மழை பொய்த்ததால் மேலூர் விவசாயி விதைநெல்லுக்குக்கூட அடுத்தவரிடம் கை நீட்டினார்.” இதற்கு ‘அடித்தார்’ என்று விடை எழுதினால், பாவம், விதைநெல் கொடுக்க வந்தவர் அடி வாங்கிக்கொண்டு போவார்! முன்னால் நிற்கும் உருபைப் பாருங்கள். ‘அடுத்தவரிடம்’ என்றால் கேட்பது. ‘பிள்ளைகள் மீது’ என்றால் அடிப்பது. ‘கை வைத்தல்’ என்பதும் இப்படித்தான். ‘சேமிப்பில் கை வைத்தான்’ என்றால் எடுத்துச் செலவழித்தான். ‘அவன் மேல் கை வைத்தான்’ என்றால் தாக்கினான்.

எழுதிய பொருளை மரபுத்தொடர் இருந்த இடத்தில் வைத்து வாக்கியத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். “விதைநெல்லுக்குக்கூட அடுத்தவரிடம் உதவி கேட்டார்” என்பது தடையின்றி ஓடுகிறது. ‘உதவி கேட்டல்’ என்று மட்டும் எழுதினால் பொருள் சரிதான், வாக்கியத்தில் ஒட்டாது. ‘சூழலுக்கேற்ற பொருள் எழுதுக’ என்ற கேள்விக்குக் காலமும் விகுதியும் வாக்கியத்தோடு பொருந்துவதே நல்லது.

வீட்டில் பாட்டி சொல்லும் வடிவத்தைப் பிழை என்று அடித்துவிட வேண்டாம். ‘அடி மேல் அடி அடித்தால்’ என்றும் வழக்கில் உண்டு. கோடிட்ட இடம் நடுவில் வந்தால் மட்டும் பாடநூலில் உள்ள சொல்லை எழுதச் சொல்லுங்கள். ‘ஆத்துல போட்டாலும்’ என்று பேசலாம். தாளில் ‘ஆற்றில்’ என்றுதான் எழுத வேண்டும்.