குழாய் வழியே ஆன்டிபயாடிக்: பொடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

மூக்கு வழியே இரைப்பைக்குள் போகும் ரைல்ஸ் டியூப் போட்டு வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளைக் கவனிக்க வரும் புதிய செவிலியர்களைப் பழக்குவது என் வேலையில் ஒரு பகுதி. தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு என்று எந்த வீட்டுக்குப் போனாலும் அதே தவறுகள்தான். கை கழுவ மறப்பது, குழாய் இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊற்றுவது போன்றவற்றை எல்லாப் பயிற்சியிலும் சொல்லிவிடுகிறார்கள். யாரும் சொல்லாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சிப்ரோஃப்ளாக்சசினைக் கூழில் கலப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

பக்கவாதத்தில் விழுங்கும் திறன் போன ஒரு பெரியவர். சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் பரிசோதனையில் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கிருமி கட்டுப்படும் என்று வந்திருந்தது. 500 மில்லிகிராம் மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று. மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. மருந்து சரியில்லை, ஊசிக்கு மாற்றச் சொல்லலாம் என்று வீட்டில் பேச ஆரம்பித்திருந்தார்கள். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று மகளிடம் கேட்டேன். மாத்திரையை நன்றாகப் பொடித்து, கேழ்வரகுக் கூழில் கலந்து, மேலே கொஞ்சம் பாலும் விட்டுக் கொடுத்திருக்கிறார். பின்னாலேயே இரும்புச்சத்து டானிக். “வெறும் வயிற்றில் கொடுத்தால் அப்பாவுக்கு வயிறு எரியாதா, சிஸ்டர்?” என்று கேட்டார். அவர் மேல் குற்றமில்லை. உணவோடு கொடுங்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனது எங்கள் ஆள்தான்.

சிப்ரோஃப்ளாக்சசின் கால்சியம், மக்னீசியம், இரும்பு, துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றைக் கண்டால் பற்றிக்கொள்ளும். அப்படிச் சேர்ந்தது குடல் சுவரைக் கடக்காது. இரத்தத்துக்குப் போக வேண்டிய மருந்து மலத்தோடு போய்விடும். ஆரோக்கியமானவர்களுக்குப் பாலோடு கொடுத்துப் பார்த்த ஆய்வில் உடலில் சேரும் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கேழ்வரகோ தானியங்களிலேயே கால்சியம் மிகுந்தது. டப்பாவில் வரும் ஊட்டச்சத்து மாவுகளிலும் இந்தத் தாதுக்கள் சேர்த்தே இருக்கின்றன. இரும்பு டானிக்கும், அலுமினியம், மக்னீசியம் கலந்த அமில நீக்கி மருந்துகளும் இன்னும் மோசம். அவற்றோடு சேர்ந்தால் மருந்தின் பெரும்பகுதியே வீணாகலாம். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட்டும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும், அதிலும் அலுமினியம் உண்டு.

வாயால் சாப்பிடுகிறவருக்கு வேளைக்கு வேளை இடைவெளி தானாகவே கிடைக்கும். குழாயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது போய்க்கொண்டே இருப்பதால் வயிறு காலியாகும் நேரமே இல்லை. தவறு நடப்பதும் வெளியே தெரியாது. குழாய் அடைக்காது, வாந்தி வராது, ஏட்டில் ‘கொடுக்கப்பட்டது’ என்று இருக்கும். காய்ச்சல் மட்டும் நிற்காது.

மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னோம். அவர் மருந்தை மாற்றவில்லை, நேரத்தை மாற்றச் சொன்னார். உணவை காலை 7, 9.30, பகல் 12, 2.30, மாலை 7, இரவு 10 என்று வைத்தோம். மாத்திரை காலை 5 மணிக்கும் மாலை 5 மணிக்கும். இரவு உணவுக்கும் காலை மாத்திரைக்கும் இடையே ஏழு மணி நேரம், மாலையில் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது உண்டு. இரும்பு டானிக் 9.30 உணவோடு போனது. சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது கொடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பாக அது போக வேண்டும் என்பது கணக்கு. உணவின் மொத்த அளவு குறையவே இல்லை. அடுத்த சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது. நேரம் மாற்றியதால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஊசி தேவைப்படவில்லை.

கொடுக்கும் விதமும் முக்கியம். சாதாரண 500 மில்லிகிராம் மாத்திரையை உரலில் மாவாகப் பொடித்து 15 முதல் 30 மில்லி தண்ணீரில் கரையுங்கள். மேல்பூச்சுத் துணுக்குகள் மிதந்தால் இன்னும் பொடிக்க வேண்டும். முதலில் 30 மில்லி தண்ணீரால் குழாயைக் கழுவி, மருந்தைச் செலுத்தி, உரலையும் சிரிஞ்சையும் அலசிய தண்ணீரையும் உள்ளே விட்டு, மறுபடி 30 மில்லி. உரலில் ஒட்டியிருப்பதும் டோஸில் ஒரு பங்குதான். சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

லெவோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் இரண்டுக்கும் இதே குணம் உண்டு. லைனஸோலிட் அப்படியில்லை, பொடித்துக் கரைத்து உணவு வேளையிலேயே கொடுக்கலாம்.

பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் படிக்காதது

அட்டையில் மருந்தின் பெயரை ஒட்டி எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., ஓ.டி. என்று இருந்தால் பொடிக்காதீர்கள். நாள் முழுவதும் மெல்ல வெளிவர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும், பிறகு அடுத்த வேளை வரை உடலில் போதிய மருந்து இராது. சிப்ரோஃப்ளாக்சசினிலும் கிளாரித்ரோமைசினிலும் இந்த வகை கடைகளில் இருக்கிறது. சாதாரண வகையை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து எழுதப்படும் பாண்டப்ரசோல் மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, அதன் பூச்சு போனால் வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும்.

பொடிக்கத் தேவையில்லாததைப் பொடிப்பது

அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்றவை கரையும் மாத்திரையாக, டி.டி. என்ற எழுத்துகளோடு கிடைக்கின்றன. தண்ணீரில் போட்டால் தானே கரையும். அமாக்சிசிலின் கேப்சூல் என்றால் திறந்து கரைக்கலாம். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்துக்கு உலர் சிரப் இருக்கிறது. குழந்தை மருந்து என்று ஒதுக்காதீர்கள், பெரியவருக்கு எத்தனை மில்லி என்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொண்டு, சம அளவு தண்ணீர் சேர்த்துச் செலுத்துங்கள்.

ஒரு விதிவிலக்கு: எண்ணெயில் கலந்த சிப்ரோஃப்ளாக்சசின் சிரப் கைக்குக் கிடைத்தால் அதைக் குழாயில் விடாதீர்கள். ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும்.

எல்லா மாத்திரைகளையும் ஒரே கிண்ணத்தில் கலப்பது

கூடாது. ஒவ்வொன்றும் தனியே, நடுவில் 10 மில்லி தண்ணீர்.

யார் பொடிக்கிறார் என்று கேட்காதது

பென்சிலின் ஒவ்வாமை நோயாளிக்கு இருக்கிறதா என்று கேட்கிறோம், பொடிப்பவருக்கு இருக்கிறதா என்று கேட்பதில்லை. அமாக்சிசிலின் தூள் மூக்கில் ஏறினால் அவருக்கு ஆபத்து. வேறு ஆள் இல்லையென்றால் சிரப்பாக வாங்கச் சொல்லுங்கள்.

குழாயின் நுனி எங்கே என்று தெரியாதது

மூக்கு வழிக் குழாயோ வயிற்றில் நேராகப் போட்ட குழாயோ, பெரும்பாலும் நுனி இரைப்பையில் இருக்கும். சிலருக்கு அது சிறுகுடலின் நடுப்பகுதி வரை போயிருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் நன்றாக உறிஞ்சப்படும் இடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால், அத்தகைய குழாயில் எவ்வளவு நேரம் பார்த்துக் கொடுத்தாலும் போதாமல் போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் நுனி எங்கே என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் வேளை மருந்துக்கு முன்பே குழாய் போட்ட மருத்துவமனையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.