நீச்சலுடை தளர்ந்தபோது நான் செய்தது

என் நீச்சலுடையின் பின்பக்கம் தொளதொளவென்று ஆனதும், துணியை இரு கைகளாலும் இழுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வெளித்துணி மங்கியிருந்ததே தவிர, பின்னல் கெடவில்லை. உள்ளே லைனிங்கில்தான் மெல்லிய வெள்ளை இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவை எலாஸ்டேன் இழைகள். நைலானோடு சேர்த்துப் பின்னப்படும் அவைதான் துணிக்கு இழுபட்டு மீளும் தன்மையைத் தருகின்றன. குளத்து நீரின் குளோரின் அவற்றை அரித்துவிடுகிறது. அறுந்த இழையை எந்தச் சலவையாலும் மீட்க முடியாது.

புதிதாக வாங்கியது பாலியஸ்டரும், அதிலேயே இழுபட்டு மீளும் வகையான பிபிடி இழையும் கலந்தது. அணியும்போது சற்று விறைப்பாக இருக்கும். ஆனால் குளோரினைத் தாங்கும், நிறமும் நைலான் அளவுக்கு எளிதில் வெளுக்காது. லைனிங் எந்த இழை என்பதையும் லேபிளில் பார்த்துத்தான் வாங்கினேன். வெளித்துணி நன்றாக இருந்து லைனிங் தளர்ந்தால் என்ன பயன்?

இப்போது குளத்தில் இறங்குமுன் உடையோடு ஷவரில் நனைகிறேன். நல்ல நீரில் ஊறிய துணி குளத்து நீரைக் குறைவாகவே உறிஞ்சும். வெளியே வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளோரின் வாடை போகும்வரை குளிர்ந்த நீரில் அலசுகிறேன். கடலில் குளித்த நாளில் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே சிக்கிய மணலையும் விரலால் தள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் விரித்துக் காயவைக்கிறேன். வெயிலில் போட்டால் சாயம் வெளுப்பதோடு எலாஸ்டேனும் நலிகிறது.